சைகோன் சந்தையில் பேரம்: மீட்டர் 180இலிருந்து இறங்கிய கதை

கால்குலேட்டரைத் தொடாமல் ஒரு பேரத்தை முடித்தாயிற்று. சைகோனின் தான் டிங் சந்தையில், துணிக்கடை வரிசையில். ரோஸ் நிற தேவாலயத்துக்கு எதிரே இருக்கிற அதே சந்தைதான். மூன்று மீட்டர் பூப்போட்ட துணி. கடைக்கார அக்கா கேட்டது 540 ஆயிரம் டோங், நான் கொடுத்தது 430 ஆயிரம். இதைவிடக் குறைத்து வாங்குகிறவர்கள் இருப்பார்கள், எனக்குக் கவலையில்லை. வியட்நாமிய மொழியிலேயே ஆரம்பித்து அதிலேயே முடித்ததுதான் பெருமை.

பெருமைக்கு முன்னால் எண்களைப் பற்றி. விலையில் 'ஆயிரம்' என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. 'ட்ரம்' என்றால் நூறு, அதாவது நூறாயிரம். அதன் பின்னால் வரும் ஒற்றை எண் பத்துகளைக் குறிக்கும். 'ட்ரம் ஹாய்' என்று காதில் விழுந்தால் 102 இல்லை, 120. 102 என்று சொல்ல நடுவில் 'லே' போட வேண்டும். சந்தை விலையில் அதற்கு வேலையே இல்லை. 'போன் ட்ரம் ஹாய்' 420. பாதிக்கு 'ருஅய்': 'ட்ரம் ருஅய்' 150. இந்த இடத்தில் நாலுக்குப் பெரும்பாலும் 'போன்' வராது, 'து' வரும்: 'ட்ரம் து' 140. அந்த 'து'வில் இருக்கிற உகரம் நம் 'காது', 'மாடு' கடைசியில் உதடு குவிக்காமல் சொல்கிறோமே, அதே குற்றியலுகரம். பாடப்புத்தகங்கள் இதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் கொடுக்கின்றன, நமக்குத் தேவையில்லை. சொல்லின் முதலில் வரும் ங, ஞ இரண்டும் அப்படித்தான்.

எண் தெரிந்தும் வாயில் சிக்கியது வேறு ஒன்று. எதிர்விலை சொல்லும்போது நம் குரல் தானாக மேலே போகும். "நூத்தி இருபது?" என்று கேட்கிற பழக்கம். வியட்நாமிய மொழியில் அந்த ஏற்றம் கேள்வி ஆகாது, வேறு சுரம் ஆகிவிடும். 'ஹாய்' சமமான சுரத்தில் இருந்தால் இரண்டு. மேலே இழுத்தால் பறிப்பது, பூ பறிப்பதுபோல. 'பா' (மூன்று), 'து' (நாலு) இரண்டுக்கும் இதே கதிதான். விலை சொன்னதும் கடைக்காரர் முகம் சுருங்கி கால்குலேட்டரை நீட்டினால், பெரும்பாலும் எண் தப்பில்லை, சுரம்தான் தப்பு. அதை வாங்கி அழுத்திவிட்டால் அப்புறம் அந்தக் கடையில் மொழிப் பயிற்சி முடிந்தது.

இதற்கு வழி முறைச்சொல்லில் கிடைத்தது. விலையோடு வாக்கியத்தை நிறுத்தாமல் 'தோய் சி' என்று முடிக்க வேண்டும். 'தோய்' என்றால் 'மட்டும்தான்'. 'சி' என்றால் அக்கா. அதன் சுரம் கீழே விழும். கடைசியில் இறங்கப்போகிறோம் என்று தெரிந்தால் எண் தானாகச் சமமாக நிற்கிறது. மரியாதையும் அங்கேயே வந்துவிடுகிறது, ஏனென்றால் உறவுமுறை இல்லாத வெறும் விலை அங்கே முரட்டுத்தனமாகக் கேட்கும். நம்மை 'எம்' (தங்கை அல்லது தம்பி) என்று சொல்லிக்கொள்ள வேண்டும். கடைக்காரர் அம்மா வயது என்றால் அவர் 'கோ', நாம் 'கான்'. (அக்காவைப் பார்த்து இறக்கிச் சொல்லும் 'சி' நம் காதில் 'ச்சீ' போலவே விழும். முதலில் கூச்சமாக இருக்கும், போகப் போகப் பழகிவிடும்.)

நடந்ததை அப்படியே தருகிறேன்.

"வாய் நய் பாவ் ஞியூ மோட் மெட், சி?" இந்தத் துணி மீட்டர் எவ்வளவு, அக்கா?
"ட்ரம் தாம்." 180.
"மக் க்வா சி ஒய்! பொட் சுட் ஞா." ரொம்ப விலை அக்கா, கொஞ்சம் குறைங்களேன்.
"எம் ட்ரா பாவ் ஞியூ?" நீ எவ்வளவு தருவே?

நான் காத்திருந்தது இந்தக் கேள்விக்குத்தான். அவர் கேட்பதற்கு முன்னால் நாமாக விலை சொன்னால் அதுவே தரைவிலை ஆகிவிடும்.

"ட்ரம் ஹாய் தோய் சி." 120தான் அக்கா.

சிரித்தார். முதலுக்கே நஷ்டம் என்றார், 'ட்ரம் பய்', 170 என்றார். பத்து பத்தாக இறங்குவார் என்று புரிந்தது. அப்போதுதான் அளவைச் சொன்னேன்: "எம் லய் பா மெட். ட்ரம் பா டுஅக் ஹொங் சி?" மூன்று மீட்டர் எடுக்கிறேன், 130 ஆகுமா? அளவை முதலிலேயே சொல்லியிருந்தால் இந்த இடத்தில் கையில் ஒன்றும் இருந்திருக்காது. 170இலிருந்து ஒரே தாவலில் 'ட்ரம் ருஅய்'க்கு வந்தார். 150 வீதம் மூன்று மீட்டர், மொத்தம் 450.

இங்கிருந்து மீட்டர் கணக்கை விட்டுவிட்டு மொத்தத்துக்கு மாறினேன். "போன் ட்ரம் ஹாய் ஞா சி." 420. 'ஞா' கெஞ்சலும் இல்லை, கேள்வியும் இல்லை; 'சரியா அக்கா' என்கிற மாதிரி வாக்கியத்தை இளக்குவதற்கு. அவர் 'போன் ட்ரம் பா', 430 என்று சொல்லிக்கொண்டே துணியை அளக்க ஆரம்பித்துவிட்டார். அளவுகோல் கைக்கு வந்துவிட்டால் பேரம் முடிந்தது என்று பொருள். அதற்கு மேல் பத்துக்காக நிற்பது அழகில்லை. கடைசி எண்ணை அவர் வாயிலிருந்தே வரவிட்டு 'டுஅக்' என்று ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டபின் வாங்காமல் போவது பெரிய அவமரியாதை. வேண்டாம் என்றால் அதற்கு முன்பே 'டே எம் டி மோட் வோங் ஞா சி', ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன் அக்கா, என்று நகர்ந்துவிட வேண்டும்.

கிளம்பும்போது "சுக் சி முவ மய் பான் டட் ஞா" என்றேன். வியாபாரம் நன்றாக நடக்கட்டும் என்ற வாழ்த்து. பதிலுக்கு அடுத்த தடவையும் வா என்று சொல்லும்போது 'குங்' என்று செல்லமாக அழைத்தார், 'கண்ணு' என்பதுபோல. விலையில் அவர் விட்டுக்கொடுத்ததைவிட அந்தக் 'குங்' எனக்குப் பெரிது.

பணம் கொடுக்கும்போது ஒரு கவனம்: 20 ஆயிரம் நோட்டும் 500 ஆயிரம் நோட்டும் இரண்டுமே நீலம். தனித்தனியாக மடித்து வைத்துக்கொள்ளுங்கள். விலைச்சீட்டு ஒட்டிய கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் இதையெல்லாம் முயல வேண்டாம். கடை திறந்ததும் பேசிப் பழகுவதற்காகப் போய் நிற்கவும் வேண்டாம். அங்கேயும் முதல் போணி உண்டு, 'மஅ ஹாங்' என்பார்கள். அதைக் கெடுத்துவிட்டுப் போகிற ஆளின் துரதிர்ஷ்டம் போக வடக்கே காகிதம் கொளுத்துவதும் உண்டு. நான் போனது பத்து மணிக்கு மேல்.

அடுத்து ஹனோய், டோங் சுவான் சந்தை. அதற்குப் பாதியை மாற்றிப் பழக வேண்டும்: 'மக்' அங்கே 'டட்', 'ஞா' அங்கே 'ஞே', 'ருஅய்'யின் ரகரம் ஸகரம்போல உரசும். நான் வாங்கிய பாடநூலின் ஒலிப்பதிவு முழுக்க ஹனோய் உச்சரிப்பு. சைகோனுக்குத் தயாராகும்போது அதைத் திட்டிக்கொண்டே கேட்டேன், இப்போது அதுவே கைகொடுக்கும். அதற்கு முன் ஏழு என்ற எண்ணைப் பழகுவது பாக்கி இருக்கிறது. 'பய்' தாழ்ந்து வளைகிற சுரம். அவர் 170 என்றது எனக்குப் புரிந்ததே முந்தைய விலை 180 என்பதால்தான். பேரத்தின் முதல் விலையே ஏழில் வந்திருந்தால் கால்குலேட்டர்தான்.