ஒரே மாங்கொட்டையில் நாலு கன்று

போன வருஷம் வெள்ளைக்கொழும்பான் மாங்கொட்டைகளை ஓட்டோடு புதைத்தேன். வேரெல்லாம் பின்னிக்கொண்டு, பிரிக்கப்போய் அத்தனையும் செத்தது. இந்த முறை வெள்ளவத்தை மொட்டைமாடியில் ஒரே கொட்டையின் நாலு கன்றுகள் தனித்தனிச் சாடியில் நிற்கின்றன.

சூட்சுமம் முழுக்க ஓட்டில்தான். கழுவிய கொட்டையை ஒரு நாள் மட்டும் நிழலில் உலர்த்தினேன், வழுக்காமல் இருக்க. ஒரு கடையில் வாங்கிய கொட்டைகள் காய்ந்து உள்ளே கறுத்திருந்தன. மாங்கொட்டையை நெல் மாதிரிச் சேமிக்க முடியாதென்று விற்பவருக்குத் தெரிய வேண்டாமா? ஓட்டின் மெல்லிய விளிம்பைச் செடி வெட்டும் கத்தரியால் நறுக்கி, பேனாக்கத்தியால் நெம்பினேன். உள்ளே கடுதாசி போன்ற தோலை உரித்தால், மடிந்து நெருங்கிய பருப்புத் துண்டுகள். அங்கேயே பிரிக்க ஆசை வரும். ஒன்றைப் பிரித்து, முளையத்தின் கழுத்தை ஒடித்துவிட்டேன். மிச்சத்தை ஈரத் தும்புத்தூளில் அப்படியே வைத்தேன். ஒவ்வொரு துண்டும் தன் வேரையும் தண்டையும் காட்டிய பிறகு, தானாகக் கழன்று வந்தது.

நாலும் எப்படி வந்தன? முளையப்பையைச் சுற்றியுள்ள சூல்திசு தாயின் உடல். அதன் சில கலங்கள் கருக்கட்டல் இல்லாமலே முளையமாகிவிடும். கருக்கட்டாமலே விதை உண்டாகும் அப்போமிக்சிசில் இதுவும் ஒரு வகைதான். அதனால் அந்தக் கன்றுகள் தாயின் நகல்கள். ஒட்டுவதற்கு அடிமரமாகும் ஒட்டுக்கட்டை வளர்ப்பவர்களுக்கு இது வரம்: விதை போட்டே ஒரே மாதிரியான கன்றுகள் கிடைக்கும். தோடை விதையிலும் இப்படி நகல்கள் வரும், அங்கே கூடுதல் லாபமும் உண்டு. தாய்மரத்து வைரசுகள் பெரும்பாலும் விதைவழி போவதில்லை. ஒட்டினால் கூடவே வரும். ஆனால் விதைக்கன்று முள்ளோடு வளரும், காய்க்கவும் நாளாகும்.

சிக்கல் என்னவென்றால், நாலில் ஒன்று மகரந்தத்தால் வந்த கலப்பாகவும் இருக்கலாம். நோஞ்சானைத் தூக்கி எறி என்பார்கள். நான் நம்பவில்லை, நகலும் நோஞ்சானாகலாம், கலப்பும் கொழுக்கலாம். மாவில் கண்ணால் சொல்ல வழியில்லை, மரபணுச் சோதனைதான்.

தோடை இனத்தில் ஒரு அழகான வழி இருக்கிறது. மூவிலைத் தோடையின் மூன்று சிற்றிலைக் குணம் ஆட்சியுடையது, பெற்றோரில் ஒன்றிடமிருந்து வந்தாலே கன்றில் தெரியும். அதன் மகரந்தத்தை ஒற்றையிலைத் தாய்மரத்தில் இட்டால், கன்றுகளில் மூவிலை வந்தவை கலப்பு, ஒற்றையிலை வந்தவை நகல். புது இனம் தேடுபவருக்கு இந்த நகல்களே தொல்லை. நூறு கன்று வளர்த்தாலும் கலப்பு சொற்பம். அதனால் பம்பளிமாஸ் போன்ற ஒரு முளையம் மட்டும் உள்ளதைத் தாயாக எடுப்பார்கள்.

இங்கே மூவிலைத் தோடை விதை கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் மூன்றாவது சாடியில் இலை சுருள்கிறது. நேற்று வெயிலில் மறந்துவிட்டேன்.