பார்சல் சர்வீஸ் ஒன்றுக்கு டைனமோடிபியில் ஒரே டேபிள்

திருப்பூரிலிருந்து தென் மாவட்டங்களுக்கு பண்டல் அனுப்பும் ஒரு பார்சல் சர்வீஸின் மென்பொருளை நாங்கள் கவனித்துக்கொள்கிறோம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பழைய டேட்டாபேஸ் திணறும். அதனால் புக்கிங், குடோன், டிராக்கிங் மூன்றையும் அமேசானின் டைனமோடிபி டேட்டாபேஸுக்கு மாற்ற முடிவானது. அந்த வேலையில் டேபிளை எப்படி வடிவமைத்தோம் என்பதை எழுதி வைக்கிறேன். ‘ஒரே டேபிள்’ என்று படித்துவிட்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்குப் பயன்படும்.

பழைய முறையில் முதலில் பார்ட்டி, எல்ஆர் எனப்படும் லாரி ரசீது, பண்டல், கிளை, லாரி, டிரிப் என்று டேபிள்களை வரைவோம். யார் என்ன கேட்டாலும் அப்புறம் ஜாயின் போட்டு எடுத்துக்கொள்ளலாம். டைனமோடிபியில் ஜாயின் கிடையாது. பார்ட்டிஷன் கீ தெரிந்தால் அதன் கீழ் உள்ளவை சார்ட் கீ வரிசையில் வரும், அவ்வளவுதான். ஆகவே கேள்விகள் முழுதாகத் தெரியாமல் கீ எழுத முடியாது. டேபிள் படம் எதையும் வரையாமல் நேராகக் கிளைகளுக்குப் போனோம்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து விஷயங்களைக் குறித்தோம். கேட்பவர் கையில் என்ன எண் இருக்கிறது? பதில் எந்த வரிசையில் வேண்டும்? எத்தனை வரி வேண்டும்? உச்ச நேரத்தில் எத்தனை முறை கேட்பார்கள்? ஓரிரு வினாடி பழைய பதில் வந்தால் பரவாயில்லையா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள். எங்களுக்கு ரொம்ப உதவியது அதுதான், பின்னால் சொல்கிறேன்.

மதுரை குடோன் பொறுப்பாளரிடம், “கையிருப்பு லிஸ்ட் எப்படி வேண்டும்ணே?” என்று கேட்டேன். “மொத்த லிஸ்ட் எனக்கு எதுக்கு தம்பி? எந்த பண்டல் ரொம்ப நாளா கிடக்குதோ அது மேல வரணும். பார்ட்டி வந்து சத்தம் போடுறதுக்கு முன்னாடி நான் பாத்திரணும்” என்றார். அந்த ஒரு பதிலில் பார்ட்டிஷன் கீயும் சார்ட் கீயும் கிடைத்துவிட்டன: கிளை, அந்தக் கிளைக்கு வந்து சேர்ந்த நேரம். இப்படிச் சேர்ந்த கேள்விகளில் முக்கியமானவை நான்கு. எல்ஆர் நம்பர் கொடுத்தால் டிராக்கிங் நிலை. ஒரு பார்ட்டி ஒரு மாதத்தில் போட்ட புக்கிங்குகள். ஒரு குடோனில் இப்போது கிடப்பவை. ஒரு லாரியில் இப்போது இருப்பவை.

முதலில் டிராக்கிங். பக்கத்தில் எல்ஆரின் தலைப்பு விவரமும் கடைசி ஐந்து நகர்வுகளும் தெரிந்தால் போதும். ஒரு எல்ஆருக்கு உரிய எல்லாமே ஒரே பார்ட்டிஷனில் இருக்கின்றன.

```
PK            SK
LR#TPR447190  BN#01
LR#TPR447190  BN#02
LR#TPR447190  EV#2024-06-03T05:12:44Z
LR#TPR447190  EV#2024-06-03T21:40:10Z
LR#TPR447190  LR
```

இதில் எழுத்து வரிசை முக்கியம். சார்ட் கீ பைட் வரிசையில் அடுக்கப்படுகிறது. தலைப்பு ஐட்டத்துக்கு `LR` என்று பெயர் வைத்ததால் அது எல்லா `EV#`க்கும் பிறகு வருகிறது. பின்னாலிருந்து படித்தால் முதலில் தலைப்பு, அடுத்து மிகப் புதிய நகர்வு, அதற்கு முந்தையது என்று வந்துவிடும்.

```
KeyConditionExpression: PK = :lr AND SK >= :ev
ScanIndexForward:       false
Limit:                  6
```

`:ev` என்பது `EV#`. அதனால் எண்பது பண்டல் உள்ள எல்ஆராக இருந்தாலும் `BN#` ஐட்டங்களை இந்த க்வெரி தொடுவதே இல்லை. க்வெரிக்குக் கட்டணம், படித்த ஐட்டங்களின் மொத்த அளவைக் கூட்டி 4 கேபி கணக்கில் மேலே முழுமைப்படுத்தியது. எங்கள் ஆறு ஐட்டங்களும் சேர்ந்து அதற்குள் அடங்குகின்றன. சற்றே பழைய பதிலும் வரக்கூடிய ஈவென்சுவல் ரீடில் அரை யூனிட்டோடு முடிந்தது. பழைய டேட்டாபேஸில் மூன்று டேபிள் ஜாயின் செய்த பக்கம் இது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இந்தப் பார்ட்டிஷனில் பின்னால் எதைச் சேர்த்தாலும் அதன் சார்ட் கீ `EV#`க்கு முன்னால் விழ வேண்டும். டெலிவரி கையெழுத்துப் படத்தின் விவரத்தை `POD` என்று சேர்த்தால் அது தலைப்புக்கும் மேலே ஏறி ஆறில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பக்கம் உடையாது, ஒரு நகர்வு மட்டும் குறையும். அதனால் யார் கண்ணிலும் படாது. எனவே அதற்கு `DOC#` என்று பெயர். இந்த விதியை ரெப்போவில் கேள்விப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம்.

பார்ட்டியின் மாத புக்கிங் எளிதானது. வேறொரு கீயால் அதே ஐட்டங்களைத் தேட உதவும் குளோபல் செகண்டரி இண்டெக்ஸ், சுருக்கமாக ஜிஎஸ்ஐ, போதும். தலைப்பு ஐட்டத்தில் `GSI1PK` = `C#8812`, `GSI1SK` = `2024-06-03#TPR447190`. ஒரே ஒரு எச்சரிக்கை: ஜூன் மாதத்துக்கு `BETWEEN '2024-06-01' AND '2024-06-30'` என்று கேட்டால் 30ஆம் தேதி புக்கிங் எதுவும் வராது. `2024-06-30#...` என்பது `2024-06-30`ஐ விட நீளமான சரம், ஆகவே வரிசையில் அதற்குப் பிந்தையது. `begins_with(GSI1SK, '2024-06')` போதும்.

குடோனும் லாரியும்தான் இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம். பொருள்களிலிருந்து யோசித்தால் கிளை ஒன்று, டிரிப் வேறொன்று. இரண்டுக்கும் தனி டேபிள், தனி இண்டெக்ஸ் என்று போயிருப்போம். கேள்விகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஒரே கேள்வி என்று தெரிந்தது: “இந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?” பண்டல் எந்த நேரத்திலும் ஒரே இடத்தில்தான் இருக்கும், குடோனிலோ லாரியிலோ. ஆகவே பண்டல் ஐட்டத்தில் `GSI2PK` என்பது அது இருக்கும் இடம், `GSI2SK` என்பது அங்கே வந்த நேரம். மதுரை குடோனில் இருந்தால் `B#MDU`, லாரியில் ஏற்றினால் `T#` உடன் டிரிப் எண். டெலிவரி ஆனதும் இரண்டையும் `REMOVE` செய்துவிடுகிறோம். கீ இல்லாத ஐட்டம் ஜிஎஸ்ஐயில் இருக்காது. டேபிளில் எத்தனை வருட பண்டல்கள் சேர்ந்தாலும் இந்த இண்டெக்ஸில் இன்று நடமாட்டத்தில் உள்ளவை மட்டுமே இருக்கும். நிலையை ஃபில்டர் போட்டு எடுத்திருந்தால், டெலிவரி ஆன பழைய பண்டல்களையும் படித்து, அவற்றுக்கும் காசு கட்டி, பிறகு தூக்கி எறிந்திருப்போம். ஃபில்டர் வேலை செய்வது படித்த பிறகுதான்.

மதுரையில் இறக்கும்போது ஒவ்வொரு பண்டலின் ஸ்டிக்கரையும் ஸ்கேன் செய்கிறார்கள். அப்போது ஓடுவது இது:

```
UpdateExpression:    SET GSI2PK = :branch, GSI2SK = :t
ConditionExpression: GSI2PK = :trip
```

கண்டிஷன் தோற்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஏற்றும்போது ஸ்கேன் செய்யாமல் விட்ட பண்டலாக இருக்கலாம். அல்லது நெட்வொர்க் விட்டுவிட்டு வந்து அதே ஸ்கேன் மறுபடி அனுப்பப்பட்டிருக்கலாம். `ReturnValuesOnConditionCheckFailure` என்பதை `ALL_OLD` என்று கொடுத்தால் தோற்ற நேரத்தில் ஐட்டம் எப்படி இருந்தது என்பதும் திரும்பி வரும். அதில் ஏற்கெனவே `B#MDU` இருந்தால் மறு ஸ்கேன், சரி என்று விட்டுவிடலாம். வேறெதுவும் இருந்தால் ‘ஷீட்டில் இல்லாத பண்டல்’ என்று திரையில் காட்டுகிறோம்.

எல்லாம் இறக்கி முடித்ததும் அந்த டிரிப்பின் `T#` பார்ட்டிஷனைக் கேட்டால், மிச்சம் வருபவைதான் குறைவு பண்டல்கள். தனியாக ஒப்பிட்டுப் பார்க்கும் கோடே தேவையில்லை. ஆனால் ஐந்தாவது கேள்வி இங்கேதான் வந்து நின்றது. ஜிஎஸ்ஐ எப்போதும் டேபிளுக்குக் கொஞ்சம் பின்தங்கியே இருக்கும், அதில் கன்சிஸ்டன்ட் ரீட் கேட்கவே முடியாது. கடைசி பண்டலை ஸ்கேன் செய்த கையோடு பட்டனை அழுத்தினால், இறக்கிய பண்டலே குறைவு என்று காட்டப்படலாம். குறைவு என்றால் டிரைவர் கணக்கில் பிடித்தம், விளையாட்டில்லை. குடோன் லிஸ்ட் ஓரிரு வினாடி பழையதாக இருக்கலாம், குறைவுப் பட்டியல் இருக்கக் கூடாது என்று முதல் நாளே குறித்திருந்தோம். ஆகவே ஜிஎஸ்ஐ தரும் மிச்சங்களை வேட்பாளர்களாக மட்டுமே எடுத்துக்கொண்டு, அவற்றை மூல டேபிளிலிருந்து `BatchGetItem` மூலம் `ConsistentRead` போட்டு மறுபடி படிக்கிறோம். ஒரு அழைப்பில் 100 ஐட்டம் வரை எடுக்கலாம். அப்போதும் `T#` என்றே இருந்தால்தான் குறைவு.

பெரிய குடோனின் கீயைப் பல துண்டாகப் பிரிக்க வேண்டுமா என்று விவாதம் நடந்தது. ஒரு பார்ட்டிஷன் வினாடிக்கு 1000 ரைட் யூனிட் வரை தாங்கும். ஜிஎஸ்ஐயில் அது நிரம்பினால் மூல டேபிளின் ரைட்டும் சேர்ந்து தடைபடும், அதனால் பயம் நியாயமானதுதான். கணக்குப் போட்டோம். விடியற்காலை உச்சத்தில் 40 ஸ்கேனர், வினாடிக்கு ஆளுக்கு ஒன்று. இண்டெக்ஸ் கீ மாறும்போது பழையதை அழிக்க ஒரு ரைட், புதியதை எழுத இன்னொன்று. அப்படியும் 80தான், அதுவும் லாரி, குடோன் என்று இரு கீகளுக்கிடையே பிரிந்து போகிறது. பிரிக்கவில்லை. பிரித்திருந்தால் ஒவ்வொரு லிஸ்ட்டுக்கும் பல க்வெரி போட்டு நாமே வரிசைப்படுத்த வேண்டியிருக்கும்.

கிளை முகவரி, கட்டணப் பட்டியல் போன்றவற்றைத் தனி டேபிளில் வைத்தோம். அவற்றை எல்ஆருடன் சேர்த்துப் படிக்கும் கேள்வி ஒன்றுகூட இல்லை. சேர்த்துப் படிப்பவை சேர்ந்து இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஒரே டேபிள், எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக அல்ல.

ஓடத் தொடங்கிய பிறகு புதுக் கேள்வி ஒன்று வந்தது. சரக்கு பெறுபவர்கள் எல்ஆர் நம்பர் இல்லாமல் போன் நம்பரை மட்டும் சொல்லிக் கேட்கிறார்கள். தலைப்பு ஐட்டத்தின் `GSI1PK`யில் அனுப்பிய பார்ட்டி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. புது இண்டெக்ஸ் போடவில்லை. அதே எல்ஆர் பார்ட்டிஷனில் `BY#PHONE` என்ற சின்ன ஐட்டம் ஒன்றைச் சேர்த்து, அதன் `GSI1PK`யில் `M#` உடன் போன் நம்பர், `GSI1SK`யில் தேதியும் எல்ஆரும் வைத்தோம். பெயர் `EV#`க்கு முன்னால் விழுவதால் டிராக்கிங் க்வெரிக்குப் பாதிப்பில்லை. வரிசையும் கவனிக்க வேண்டும்: முதலில் புது புக்கிங்குகள் இந்த ஐட்டத்தை எழுதும்படி கோடை வெளியிட வேண்டும், அதற்குப் பிறகே பழையவற்றுக்கு டேபிள் முழுக்க ஸ்கேன் ஓட்டி `attribute_not_exists(PK)` நிபந்தனையோடு எழுத வேண்டும். மாற்றிச் செய்தால் இரண்டுக்கும் இடையில் புக் ஆனவை விடுபட்டுப் போகும்.

அடுத்து கணக்குப் பிரிவு வந்தது. மாவட்டவாரியாக, எடைவாரியாக, டூ-பே வசூல்வாரியாக மாதக் கூட்டுத்தொகை வேண்டும், அடுத்த மாதம் வேறு மாதிரி பிரித்துப் பார்க்கவும் வேண்டும் என்றார்கள். கையில் எந்த எண்ணும் இல்லை, வரிசையும் மாதாமாதம் மாறும். எங்கள் ஐந்து கேள்விகளில் முதல் நான்கில் ஒன்றுக்குக்கூட நிலையான பதில் இல்லை. அதற்கு இந்த டேபிளில் கீ தேடவில்லை. பாயின்ட்-இன்-டைம் ரெகவரி ஏற்கெனவே இயக்கத்தில் இருந்ததால் டேபிளை இரவில் எஸ்3க்கு எக்ஸ்போர்ட் செய்கிறோம், டேபிளின் ரீட் யூனிட் எதுவும் அதற்குச் செலவாவதில்லை. அவர்கள் அதீனாவில் எஸ்க்யூஎல் எழுதிக்கொள்கிறார்கள். நேற்று வரையிலான கணக்கு அவர்களுக்குப் போதும் என்பதையும் கேட்டு, பட்டியலில் எழுதிக்கொண்டோம்.