பிக்கோவில் பத்து லட்சம் எண்கள்: வரிசை சரியாக வந்துவிட்டது

`cmp` ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பியது. ராஸ்பெரி பை பிக்கோ எழுதிய ஃபைலும் லேப்டாப்பில் `sort` போட்டு எடுத்த ஃபைலும் பைட்டுக்குப் பைட் ஒன்றுதான். ஒன்றுக்கொன்று வேறான பத்து லட்சம் ஏழு இலக்க எண்களை 264 கேபி மெமரி மட்டுமே உள்ள பலகை வரிசைப்படுத்திவிட்டது. அதிலும் பாதிக்கு மேல் சும்மாதான் இருக்கிறது!

எண்களை அப்படியே மெமரியில் வைக்க வழியே இல்லை. எண்ணுக்கு 3 பைட் என்றாலும் 30 லட்சம் பைட் வேண்டும். எண்ணுக்கு ஒரு பிட் என்று வைத்தால், ஏழு இலக்கத்தில் வரக்கூடிய ஒரு கோடி எண்களுக்கு 12,50,000 பைட். அதுவும் கொள்ளாது. எனவே எஸ்டி கார்டில் உள்ள ஃபைலைப் பல சுற்றுகளாகப் படித்து, சுற்றுக்கு ஒரு பகுதியை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து சுற்று என்றால் சுற்றுக்கு 2,50,000 பைட். கணக்குப்படி இடம் இருக்கிறது, ஆனால் மிச்சம் இருபதாயிரம் பைட்தான். கார்டு லைப்ரரி, பஃபர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். எனக்கு அந்த நெருக்கடி பிடிக்கவில்லை, பத்துச் சுற்றுக்குப் போனேன்.

பத்துக்குப் போனதில்தான் இந்த வேலையின் அழகே இருக்கிறது. சுற்றுக்குப் பத்து லட்சம் பிட் என்றால், எண்ணின் முதல் இலக்கமே அது எந்தச் சுற்று என்று சொல்லிவிடுகிறது. வரியின் முதல் எழுத்தைப் பார்த்தால் போதும். நம் சுற்று இல்லையென்றால் மீதி ஆறு இலக்கத்தை எண்ணாக மாற்றும் வேலையே கிடையாது. பத்தில் ஒன்பது வரிகள் அப்படியே தாண்டிப் போகின்றன.

```c
if (p[0] - '0' == pass) {
    uint32_t n = six(p + 1);
    uint32_t m = 1u << (n & 31);
    if (b[n >> 5] & m) dup++;
    b[n >> 5] |= m;
}
```

4730158 வருகிறது என்று வையுங்கள். முதல் இலக்கம் 4 என்ற சுற்றில் மட்டும் அதை எடுக்கிறோம். மீதி 730158. அதை 32 ஆல் வகுத்தால் 22817, மீதம் 14. ஆக `b[22817]`இல் 14ஆம் பிட் எழும். `dup` வரியை யாரும் எடுத்துவிடாதீர்கள். ஒரே எண் இரண்டு முறை வந்தால் பிட் ஏற்கெனவே 1 ஆகத்தான் இருக்கும். இரண்டாவது எண் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும்.

இன்னொரு வசதி, ஏழு இலக்கமும் ஒரு `\n`உம் சேர்ந்து வரிக்கு 8 பைட். கார்டின் 512 பைட் செக்டரில் சரியாக 64 வரிகள் உட்காரும், எந்த வரியும் இரண்டாக உடையாது. விண்டோஸில் தயாரித்த ஃபைலில் `\r` சேர்ந்து வரி 9 பைட் ஆனால் இந்தக் கணக்கு முழுக்கக் குலையும். ஃபைல் அளவு 80,00,000 பைட்டா என்று முதலில் பாருங்கள், 90,00,000 இருந்தால் இதுதான் காரணம். முன்னால் வரும் பூஜ்யங்களும் இருக்க வேண்டும். சோதனை எண்களை நான் இப்படி எடுத்தேன்:

```sh
shuf -i 0-9999999 -n 1000000 | xargs printf '%07d\n' > in.txt
```

நான் அதிகம் மெனக்கெட்டது பிட்களைத் திரும்ப வாசிக்கும் இடத்தில். காலியான வார்த்தைகளைத் தாண்டினால் வேகம் வரும் என்று பலரும் சொல்வார்கள். இங்கே அது உதவாது. பத்துக்கு ஒரு பிட் எழுந்திருப்பதால் 32 பிட்டும் காலியான வார்த்தை நூற்றுக்கு மூன்றுதான். ஆனால் ஒரு வார்த்தையில் சராசரியாக மூன்று பிட்தான் எழுந்திருக்கும், எனவே 32 இடத்தையும் தட்டிப் பார்க்காமல் எழுந்தவற்றுக்கு மட்டும் தாவ வேண்டும்.

```c
for (int i = 0; i < 31250; i++) {
    uint32_t w = b[i];
    b[i] = 0;
    for (; w; w &= w - 1)
        emit(pass, i * 32 + __builtin_ctz(w));
}
```

`w &= w - 1` கடைசி 1ஐ அணைக்கும். பிக்கோவின் ப்ராசஸரில் `ctz`க்கு நேரடிக் கட்டளை கிடையாது. ஆனால் சிப்பின் பூட் ரோமிலேயே அதற்கான வேகமான ஃபங்ஷன் இருக்கிறது, எஸ்டிகே தானாகவே அதற்கு அனுப்பிவிடுகிறது. `b[i] = 0` அங்கேயே இருப்பதும் வேண்டுமென்றேதான். அது இல்லாவிட்டால் 3730158க்காக எழுந்த பிட் அடுத்த சுற்றில் 4730158 ஆக வெளியே வரும், ஃபைல் வீங்கிவிடும்.

கார்டு ஸ்லாட் ரிச்சி தெருவில் வாங்கியது. 5 வோல்ட்டுக்கான ரெகுலேட்டர் எதுவும் இல்லாத வெறும் ஸ்லாட் கேளுங்கள். பிக்கோவும் கார்டும் இரண்டுமே 3.3 வோல்ட் என்பதால் நேராக இணைத்துவிடலாம்.

இப்போதைக்கு நேரம் முழுவதையும் தின்பது கார்டிலிருந்து படிப்பதுதான். 8 எம்பி ஃபைலைப் பத்து முறை படித்தால் 80 எம்பி. எஸ்பிஐ வேகத்தைக் கூட்டும் வேலை பாதியில் நிற்கிறது. அதற்குள் 520 கேபி உள்ள பிக்கோ 2 மேல் மனம் போய்விட்டது. அதில் மூன்று சுற்று போதும், ஆனால் முதல் இலக்கத் தந்திரம் கைவிட்டுப் போகும். ஐந்து சுற்று வைத்துச் சுற்றுக்கு இரண்டு இலக்கம் எடுத்தால் தந்திரமும் நிற்கும், படிப்பதும் பாதியாகும். முதலில் அதைத்தான் எழுதிப் பார்க்கப் போகிறேன்.