எத்தனை வண்டி ஓடுது?

மதுரையில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் படிவத்தில் 'தந்தை தொழில்' என்று ஒரு கட்டம் உண்டு. போன வருடம் அதில் நான் எழுதிய ஒரு சொல், ஒரு பையனைக் கூனிக் குறுக வைத்துவிட்டது.

அவன் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். 'டிரைவர்' என்று போட்டால் ஜாதகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார்களே என்று 'போக்குவரத்துத் தொழில்' என்று எழுதிவைத்தேன். பெண் வீட்டுக்கு மொத்த ஜவுளிக் கடை, சொந்த வீடு, கார். பொருத்தம் அமைந்தது. இருவரையும் போனில் பேசச் சொன்னார்கள். அவள் ஆர்வமாகக் கேட்டாளாம்: "உங்களுக்கு எத்தனை வண்டி ஓடுது?"

"ஒண்ணுதாங்க. அப்பாவே ஓட்டுறார்."

அதோடு பேச்சு படுத்துவிட்டது. "நான் மறைச்ச மாதிரி ஆயிடுச்சே அக்கா" என்று வந்து நின்றான். பெண்ணைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

வருமானக் கட்டத்திலும் இதே கோளாறுதான். அவன் படிவத்தில் ஆண்டுக்கு 9 லட்சம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 75,000. ஆனால் கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, வருடக் கடைசியில் வந்தால் வரும் ஊக்கத்தொகை எல்லாம் அந்த 9 லட்சத்துக்குள்தான். அவன் பங்கு பி.எஃப்.பும் போனபின் கைக்கு வருவது சுமார் 58,000.

வசதி குறைந்தவரைத்தான் எல்லோரும் துருவுவார்கள். மற்றவர் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி உட்கார்ந்திருப்பார். அதனால் அவளிடம், "அவர் கணக்கைக் கேட்கிறதுக்கு முன்னாடி உங்க கணக்கைச் சொல்லும்மா" என்றேன்.

சொல்லியிருக்கிறாள். கடையில் அடுக்கியிருப்பதில் பாதி கடனுக்கு எடுத்த சரக்கு. தீபாவளி விற்பனை முடிகிறவரை அப்பாவுக்குத் தூக்கம் கிடையாது. அவள் சம்பளம் 35,000 அவள் செலவுக்கே சரியாகிவிடும். வீட்டுக் கரண்ட் பில்கூட அவள் கட்டியதில்லை. அப்புறம்தான் அவன் வாய் திறந்தது. ஒண்ணாம் தேதி வீட்டுக்கு 20,000, கல்விக் கடன் தவணை 9,000, மிச்சத்தில்தான் சென்னை வாடகையும் சாப்பாடும்.

"கல்யாணத்துக்கு அப்புறமும் அந்த இருபதாயிரம் போகுமா?"

"போகும். தங்கச்சி படிப்பு முடிஞ்சா குறையும். நிக்காது."

'நிக்காது' என்றானே, அது எனக்குப் பிடித்தது. இந்த இடத்தில் 'அப்போ பாத்துக்கலாம்' என்று மழுப்பியவர்கள் ஆறு மாதம் கழித்து எங்கள் ஆபீஸ் வாசலில் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது படிவத்தில் 'லோடு ஆட்டோ ஓட்டுநர், சொந்த வண்டி' என்றே இருக்கிறது. போன வாரம் பெண்ணின் அத்தை போன் செய்து வேறு ஜாதகம் கேட்டார். ஐந்து நிமிடம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, எதையும் அனுப்பாதீங்க. அப்பாகிட்ட இன்னும் பேசிக்கிட்டிருக்கேன்."