வட்ட முத்திரையில் தொலைந்த புள்ளிகள்

ரப்பர் ஸ்டாம்ப் செய்து தரும் ஒரு சிறிய டிடிபி கடையில் பல ஆண்டுகள் வடிவமைப்பாளராக இருந்தேன். நீள்சதுர ஸ்டாம்புகளில் எனக்குப் பெரிய சிக்கல் எதுவும் வந்ததில்லை. வட்ட முத்திரைதான், அதிலும் தமிழில் நீண்ட பெயரைச் சிறிய வட்டத்துக்குள் அடக்கும் வேலைதான், எனக்குத் தொழிலைக் கற்றுத் தந்தது. அதில் நான் செய்த ஒரு பிழையையும் அதைத் திருத்திய விதத்தையும் அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

ஒரு கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு 30 மில்லிமீட்டர் விட்டத்தில் முத்திரை கேட்டார்கள். அவர்களுடைய படிவங்களில் முத்திரைக்கு விட்டிருந்த கட்டம் சிறியது என்பதால் அதைவிடப் பெரிதாக வைக்க முடியாது. மேல் வளைவில் சங்கத்தின் பெயரையும், கீழ் வளைவில் ‘பட்டி’ என்று முடியும் ஊர்ப்பெயரையும், நடுவில் ஒரு நட்சத்திரத்தையும் வைத்தேன். வெளியே இரட்டைக் கோடு, உள்ளே ஒரு கோடு. திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது கண்ணுக்கு நிறைவாகவே இருந்தது. இரண்டு மாதம் கழித்துச் சங்கத்தின் எழுத்தர் ஒரு கடிதத்தோடு வந்தார். “தம்பி, வங்கியில இதைத் திருப்பி அனுப்பிட்டாங்க. முத்திரையில பேரே படிக்க முடியலையாம்” என்று சொல்லி மேசைமேல் வைத்தார்.

உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். வட்டக் கோடுகள் மூன்றும் பளிச்சென்று விழுந்திருந்தன. எழுத்துகள்தான் விழவில்லை. ‘வேளாண்மை’ என்ற சொல்லில் மூன்று சுழி ணகரத்தின் சுழிகள் மையால் அடைபட்டு ஒரே கறுப்புத் திட்டாக இருந்தன. கீழே ‘பட்டி’ என்பது ‘படடி’ என்று விழுந்திருந்தது. ஆங்கிலத்தில் ‘i’ என்ற எழுத்தின் மேற்புள்ளி போனாலும் சொல் புரிந்துவிடும். தமிழில் புள்ளி போனால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடுகிறது, சொல்லே மாறிவிடுகிறது.

முதலில் மேல் வளைவின் கணக்கைப் போட்டேன். ‘தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம்’ என்பதில் 22 எழுத்துகளும் நான்கு இடைவெளிகளும் உள்ளன. தொ, வே, ளா, மை போன்றவை கொம்பும் காலும் சேர்ந்து அகலமானவை. எழுத்தின் உடல் உயரம், அதாவது புள்ளியையும் மேல்விலங்கையும் கீழ்இறக்கத்தையும் விட்டுவிட்டு ‘க’ அல்லது ‘ப’ நிற்கும் உயரம், 2 மில்லிமீட்டர் என்று வைத்தால் நான் பயன்படுத்திய எழுத்துருவில் இந்தப் பெயர் ஏறக்குறைய 62 மில்லிமீட்டர் நீளம் ஓடுகிறது. என் முதல் வடிவத்தில் இரட்டைக் கோடு ஆரத்தில் 1.5 மில்லிமீட்டரைத் தின்றுவிட்டதால் எழுத்துகளின் நடுப்பகுதி 11.2 மில்லிமீட்டர் ஆரத்தில் நின்றது. அந்த வட்டத்தின் முழுச் சுற்றளவு 70 மில்லிமீட்டர்தான். அதில் மேல் வளைவுக்கு நான் ஒதுக்கியிருந்தது 240 பாகை, அதாவது 47 மில்லிமீட்டர். 62 வேண்டிய இடத்தில் 47 இருந்ததால், நான் எதையும் யோசிக்காமல் எழுத்தைச் சுருக்கி, உடல் உயரத்தை 1.5 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்திருக்கிறேன். சுருங்கியதால் மெலிந்து தெரிந்த எழுத்தைத் தடித்த எழுத்தாக மாற்றியும் இருக்கிறேன். இந்த இரண்டாவது முடிவுதான் ணகரத்தை அடைத்தது.

சிறிய எழுத்தைத் தெளிவாக்கத் தடிமனைக் கூட்டுவது கை தானாகச் செய்கிற காரியம். ஆனால் முத்திரையில் பேடிலிருந்து எடுத்த மை தாளில் அழுந்தும்போது கோட்டின் இரு பக்கமும் சிறிது பரவும். பதிவேட்டுத் தாள் போல உறிஞ்சும் தாளென்றால் இன்னும் பரவும். 0.2 மில்லிமீட்டர் கோடு தாளில் 0.3 ஆக விழலாம், அதனால் ஒரு கெடுதியும் இல்லை. சுழிக்குள் இருக்கும் 0.2 மில்லிமீட்டர் வெற்றிடம் அதே பரவலில் 0.1 ஆகி, இரண்டாவது அழுத்தத்தில் மறைந்துபோகிறது. ஆகையால் நான் அதன்பிறகு கோட்டின் தடிமனை 0.2 மில்லிமீட்டருக்குக் குறையாமலும், சுழிக்குள்ளும் எழுத்துகளுக்கு நடுவிலும் உள்ள வெள்ளையை 0.3 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் வைத்துக்கொண்டேன். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால் கோட்டைத்தான் விட்டுக்கொடுப்பேன்.

கீழ் வளைவின் பிழை வேறு வகையானது. மேல் வளைவில் எழுத்துகளின் அடி மையத்தை நோக்கியும் தலை வெளிவட்டத்தை நோக்கியும் இருக்கின்றன. ஆகவே அடிகள் நெருங்கும், தலைகள் விசிறிபோல் விரியும். அங்கே கவனிக்க வேண்டியவை ‘வு’ போலக் கீழே இறங்கும் எழுத்துகள். கீழ் வளைவில், நேராகப் படிக்கும்படி எழுத்தை நிறுத்தினால், இது தலைகீழாகிவிடுகிறது. அடி வெளியே போகிறது, தலை மையத்தை நோக்கி நெருங்குகிறது. தமிழில் புள்ளியும் இகர, ஈகார விலங்குகளும் தலையில்தான் இருக்கின்றன. என் வடிவத்தில் அடிக்கோடு ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் ஆரத்திலும் புள்ளிகள் 10 மில்லிமீட்டர் ஆரத்திலும் இருந்தன. அப்படியென்றால் அடியில் எழுத்துக்கு எழுத்து இருந்த தூரத்தில் ஆறில் ஒரு பங்கு தலையில் குறைந்துவிட்டது. ‘பட்டி’யில் டகர மெய்யின் புள்ளிக்குப் பக்கத்திலேயே ‘டி’யின் விலங்கு வளைந்து நிற்கிறது. ஏற்கெனவே 0.3 மில்லிமீட்டருக்குச் சுருங்கியிருந்த புள்ளி அந்த விலங்கோடு ஒட்டி அடையாளம் இழந்துவிட்டது. கீழ் வளைவுக்கு எழுத்திடைவெளியைத் தனியாகக் கூட்ட வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மேலே கொடுத்த இடைவெளியையே கீழேயும் கொடுத்திருந்தேன்.

புள்ளி இடம் மாறுவதற்கு மென்பொருளும் ஒரு காரணம். கடையில் அப்போது `CorelDRAW`-வில் பாமினி எழுத்துருவைப் பயன்படுத்தினோம். அதில் ‘தமிழ்’ என்று வர `jkpo;` என்று தட்ட வேண்டும். கடைசியில் உள்ள `;` தான் புள்ளி. கணினிக்கு அது தனி எழுத்து. நேர்கோட்டில் அது முந்தைய எழுத்தின் தலைமேல் சரியாக உட்காரும். `Fit Text to Path` கொடுத்து வளைத்ததும், ஒவ்வொரு எழுத்தும் தான் நிற்கும் இடத்துச் சாய்வுக்கு ஏற்பத் தனித்தனியே திரும்புகிறது. புள்ளி, எழுத்து முடியும் இடத்தின் சாய்வை எடுத்துக்கொள்வதால், மேல் வளைவில் கால் மில்லிமீட்டர் அளவுக்கு வலப்பக்கம் நகர்ந்து அடுத்த எழுத்தை நோக்கிப் போய்விடும். கொம்பும் காலும் அவ்வாறே தம் எழுத்தைவிட்டுச் சற்றே சாயும். பெரிய பலகையில் இது கண்ணில் படாது. 30 மில்லிமீட்டர் வட்டத்தில் கால் மில்லிமீட்டர் என்பது புள்ளியின் அகலத்துக்குச் சமம். இதற்கு நான் கண்ட வழி, சொல்லை நேர்கோட்டில் தட்டி, `Convert to Curves` கொடுத்து, ‘தொ’, ‘ண்’, ‘மை’ என்று ஒவ்வொரு முழு எழுத்தையும் ஒரு குழுவாகக் கட்டி, குழுக்களைக் கையால் திருப்பி வட்டத்தில் நிறுத்துவது. 22 எழுத்துக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தை நான் ஒருபோதும் வீண் என்று நினைத்ததில்லை.

புதிய வடிவத்தில் முதல் வேலையாகக் கோடுகளைக் குறைத்தேன். இரட்டை வெளிக்கோட்டை 0.5 மில்லிமீட்டர் ஒற்றைக் கோடாக்கி, உள்வட்டத்தை முழுவதும் எடுத்துவிட்டேன். எழுத்துகளின் நடு ஆரம் 12.2 மில்லிமீட்டருக்கு நகர்ந்தது. ஆரத்தில் 1 மில்லிமீட்டர் கூடினால் முழுச் சுற்றில் 6.28 மில்லிமீட்டர் கிடைக்கிறது, அதாவது இரண்டு எழுத்துக்கு மேல். ஊர்ப்பெயரைக் கீழ் வளைவிலிருந்து எடுத்து, நட்சத்திரம் இருந்த நடுவிடத்தில் நேர்வரியாக வைத்தேன். ‘பட்டி’க்கு வளைவே இல்லாமல் போனது. காலியான கீழ்ப்பகுதியில் சங்கத்தின் பெயர் 300 பாகை வரை இறங்கிவர இடம் கிடைத்தது, அது ஏறக்குறைய 64 மில்லிமீட்டர். உடல் உயரம் 2 மில்லிமீட்டருக்குத் திரும்பியது, தடித்த எழுத்தும் தேவைப்படவில்லை. மீதி 60 பாகையில் ஒரு சிறிய நட்சத்திரம், பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்ட. புள்ளிகளை மட்டும் தனியே பிடித்து 0.5 மில்லிமீட்டராகப் பெரிதாக்கி, உடலிலிருந்து சற்று மேலே தூக்கினேன். அவற்றுக்கும் வெளிக்கோட்டுக்கும் நடுவில் அரை மில்லிமீட்டருக்குக் குறையாத வெள்ளை இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

புள்ளியைப் பெரிதாக்கியதற்கு மை மட்டும் காரணம் இல்லை. பாலிமர் ஸ்டாம்பில், நெகட்டிவ்வின் வெளிச்சம் புகும் எழுத்துகளின் வழியே புற ஊதா ஒளி பட்டு அந்தப் பகுதி இறுகும். இறுகாததைப் பிரஷால் தேய்த்துக் கழுவிவிடுவோம். எழுத்தின் உடல் நீளமாக அடித்தளத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும். புள்ளி தனியாக நிற்கும் ஒரு சிறு தூண். ஒளி போதவில்லையென்றால் அதன் அடி இறுகாமல், பிரஷ் பட்டதும் பிய்ந்துபோகும். ஒளி கூடினாலோ சுழிகள் தூர்ந்துபோகும். ஆகவே கழுவி முடித்ததும் ஈரத்தோடு விளக்குக்கு முன் சாய்த்துப் பிடித்து, ‘க்’, ‘ண்’, ‘ட்’, ‘ன்’, ‘ங்’, ‘ம்’ என்று புள்ளிகளை எண்ணிவிடுவேன். அந்தப் பெயரில் அவை எட்டு.

பிடி ஒட்டியபின் எழுத்தரையே அழுத்திப் பார்க்கச் சொன்னேன். என் கை முத்திரை வைக்கும் விதமும் அலுவலகத்தில் அவசரமாக வைக்கும் விதமும் ஒன்றல்ல. புதிதாக மை ஊற்றிய பேடில் தொட்டுச் சங்கத்தின் படிவத்தாளிலேயே இருபது முறை பதித்தார். முதல் இரண்டில் ணகரத்தின் ஒரு சுழி மங்கலாக இருந்தது, மூன்றாவதிலிருந்து மூன்றும் திறந்தன. அந்தத் தாளை நகலெடுத்து, நகலை அவரிடம் கொடுத்து, பெயரைப் படிக்கச் சொன்னேன். வங்கியில் பெரும்பாலும் பார்ப்பது நகலையோ ஸ்கேன் செய்ததையோதான். 200 டிபிஐ ஸ்கேனில் ஒரு படப்புள்ளி 0.127 மில்லிமீட்டர். பழைய 0.3 மில்லிமீட்டர் புள்ளிக்கு அதில் இரண்டு படப்புள்ளிகளே கிடைக்கும், புதியதற்கு நான்கு. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “இப்ப எழுத்து நல்லா எழுந்து நிக்குது தம்பி” என்று சொல்லி நகலை மடித்து வைத்துக்கொண்டார்.

சில மாதம் கழித்து அதே பெயரை 25 மில்லிமீட்டரில் கேட்டு வேறொரு சங்கத்தார் வந்தார்கள். நடு ஆரம் 9.7 மில்லிமீட்டர், 300 பாகைக்கு 51 மில்லிமீட்டர், உடல் உயரம் 1.6. ணகரம் மறுபடியும் அடைபடும் அளவு அது. பதிவில் உள்ள பெயரை நான் குறுக்கவும் கூடாது. கணக்கைத் தாளில் எழுதிக் காட்டி, 30-க்குக் குறைந்து இந்தப் பெயருக்கு வட்ட முத்திரை செய்து தர முடியாது என்று சொல்லி, அதற்குப் பதிலாக மூன்று வரி நீள்சதுர ஸ்டாம்ப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன்.