வியாசர்பாடி முகாமில் ஐந்து நாள்

டிசம்பர் 6, 2023

மிக்ஜாம் புயல் மழை விட்டு இரண்டு நாளாகியும் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். பள்ளிக்கூடத்தில் போட்ட முகாமில் முப்பது பிள்ளைகளாவது இருப்பார்கள். ஒரு பை நிறைய பொம்மை கொண்டுபோய்க் கொட்டினேன். தப்பு. ஐந்தே நிமிடத்தில் அடிதடி, பெரியதுகள் பந்தைப் பிடுங்க, சின்னதுகள் அழ, அதற்குள் சாப்பாட்டு வண்டி வந்து எல்லோரும் தட்டோடு ஓட, ஆட்டம் அவ்வளவுதான்.

டிசம்பர் 7

முகாமில் கடிகாரம் எடுபடாது, சாப்பாட்டு வண்டிதான் நேரம். அதனால் விளையாட்டு காலையில் சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒரு மணி நேரம், மாலை டீக்கு அப்புறம் ஒரு மணி நேரம். எவர்சில்வர் தட்டை மூன்று முறை தட்டினால் ஆரம்பம். சாக்பீஸ் வட்டத்தில் உட்கார்ந்து கைதட்டல், பிறகு சின்னவர்கள் ஒரு பக்கம், பெரியவர்களுக்குப் பாண்டியும் அஞ்சாங்கல்லும். முடியும்போது கற்களை எண்ணி டப்பாவில் போட வேண்டும். தினமும் இதே வரிசைதான், மாற்றப் போவதில்லை. யார் கொண்டுவந்து விட்டார்களோ அவர்களிடமே அனுப்ப நோட்டில் பெயர் எழுதுகிறோம். முகாமுக்குள் யார் யாரோ வந்துபோகிறார்கள். நானும் தனியாளாகப் பார்ப்பதில்லை, கூடவே இன்னொருவர்.

டிசம்பர் 8

பிள்ளைகளே ஒரு விளையாட்டைப் பிடித்துவிட்டார்கள். பெஞ்ச்தான் படகு. "ஆயாவை முதல்ல ஏத்து, ஆயாவை முதல்ல ஏத்து!" என்று கத்தல். "அபசகுனமா இது என்ன விளையாட்டு" என்று ஒருவர் விரட்ட வந்தார். விடுங்கக்கா என்றேன். பயந்ததை ஆடிப் பார்ப்பது இந்த வயதில் சகஜம். ஆள் மாறுகிறார்கள், சிரிக்கிறார்கள், ஆயா ஒவ்வொரு முறையும் கரையேறிவிடுகிறார், ஒரு தடவை அவருக்குப் பிரியாணிகூடக் கிடைத்தது.

ஒருவன் மட்டும் வேறு மாதிரி. ஆறு வயது. மூலையில் ஒரு பொம்மையைப் பாய்க்கு அடியில் தள்ளுகிறான், எடுக்கிறான், மறுபடி தள்ளுகிறான். முகத்தில் ஒன்றுமில்லை, யாரையும் சேர்ப்பதுமில்லை, கதை அதற்கு மேல் நகரவே இல்லை.

டிசம்பர் 9

அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழையன்று என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், தோண்டக் கூடாது. "இவரைத் தூக்க யாராச்சும் வருவாங்களா?" என்று பொம்மையைப் பற்றி மட்டும் கேட்டேன். பதில் இல்லை. ஸ்வீட் டப்பா மூடி ஒன்றை அங்கே வைத்துவிட்டு நான் பாட்டுக்குக் கல் ஆடினேன்.

ராத்திரி பாயை நனைக்கிறான் என்று அவன் அம்மா தனியாகச் சொன்னார். திட்டாதீங்க, முதல் வாரத்தில் நிறைய பிள்ளைகளுக்கு இது வரும், சில வாரமாகியும் இப்படியே இருந்தால் மனநல ஆலோசகரிடம் காட்டணும் என்றேன்.

டிசம்பர் 10

மாலை, பொம்மை மூடியில் ஏறியிருந்தது. "காயட்டும்" என்று சன்னல் ஓரம் வைத்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடி பாய்க்கு அடியில்தான் போனது.

நாளை பள்ளி திறக்கிறது, எங்களைக் கல்யாண மண்டபத்துக்கு மாற்றுகிறார்கள். தட்டு, சாக்பீஸ், கல் டப்பா, நோட்டு, அந்த மூடி எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. அங்கே பெஞ்ச் இருக்காதே என்றேன். பிளாஸ்டிக் சேரைக் கவிழ்த்துப் போட்டால் படகு ஆகாதா என்கிறார்கள் பிள்ளைகள்.