காய்ச்சல் வலிப்பும் தேவையில்லாத இ.இ.ஜி. அலைச்சலும்

குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தால், மருத்துவரிடம் போய்ச் சேருவதற்குள் பெரும்பாலும் அது நின்றுவிடும். அவர் அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். சாதாரணக் காய்ச்சல் வலிப்புதானா, மேற்கொண்டு பார்க்க வேண்டியதா என்பதை நீங்கள் பார்த்துச் சொல்வதை வைத்துத்தான் அவர் முடிவு செய்தாக வேண்டும். நாங்கள் முதலில் போன மருத்துவமனையில் அதை யாரும் கேட்கவே இல்லை. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

நாங்கள் இருப்பது மும்பை செம்பூரில். மகனுக்கு அப்போது ஒன்றரை வயது தாண்டியிருந்தது. காலையில் லேசாக மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான். மதியம் மடியில் படுத்திருந்தவனுக்குக் கண் மேலே செருகியது, உடம்பு விறைத்தது, அப்புறம் இரண்டு கையும் இரண்டு காலும் வெட்டி வெட்டி இழுத்தன. உதடு நீலம் பாரித்தது. தொட்டால் நெருப்பாய்ச் சுட்டது. காய்ச்சல் இருப்பதே வலிப்பு வந்த பிறகுதான் தெரிந்தது. இப்படி ஆவதும் சகஜமாம். சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் இருப்பது தெரியும் முன்பே வலிப்பு வந்துவிடும்.

என் தம்பிக்குச் சின்ன வயதில் இதே மாதிரி வந்திருக்கிறது. அதனால் என்ன செய்ய வேண்டும் என்று அம்மா எனக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார். பாயில் போட்டு இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். வாயோரம் வழிந்த எச்சிலும் நுரையும் தானாகக் கீழே வடிந்தன. சட்டை பொத்தானைக் கழற்றினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சத்தமாகச் சொன்னேன். என் கணவர் அதைக் கையிலேயே எழுதிக்கொண்டார். கை காலை அழுத்திப் பிடிக்கவில்லை.

சத்தம் கேட்டு எதிர் வீட்டு மாமி ஓடி வந்தார். "ஜன்னி கண்டிருக்குடீ, நாக்கைக் கடிச்சுக்கும், ஸ்பூனை வை" என்று ஒரு கையில் ஸ்பூன், இன்னொரு கையில் இரும்புச் சாவிக்கொத்து. "மாமி, வாயில எதுவும் வேண்டாம், பல் உடைஞ்சு தொண்டையில போயிடும்" என்று கையை மறித்தேன். நாக்கை விழுங்கிவிடும் என்பது உண்மையில்லை. சாவி கொடுப்பதும் வெங்காயம் முகர வைப்பதும் எதையும் நிறுத்துவதில்லை. இழுப்பு அது பாட்டுக்கு நிற்கும், நின்றதும் சாவிக்குப் பெயர் வந்துவிடும். தண்ணீரோ காய்ச்சல் மருந்தோ அந்த நேரத்தில் வாயில் ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். மாமியிடம் 108-ஐக் கூப்பிடச் சொன்னேன். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அது தானாக நிற்கும் என்று காத்திருக்கக் கூடாது, மருந்து கொடுத்து நிறுத்த வேண்டும்.

மூன்று நிமிடத்துக்குள் நின்றது. பிறகு அடித்துப் போட்டதுபோல் தூங்கினான். அரை மணி நேரத்தில் கண் விழித்து என்னைப் பார்த்து அழுதபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

மருத்துவமனையில் தொண்டையைப் பார்த்தார்கள், கழுத்து விறைப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள், வைரஸ் காய்ச்சல் என்றார்கள். அதுவரை சரி. அனுப்பும்போது, மூளையின் மின்னலைகளைக் கோடுகளாகப் பதிவு செய்யும் இ.இ.ஜி.க்கும் மூளை ஸ்கேனுக்கும் சீட்டு எழுதி, "ஃபிட்ஸ் வியாதி இருக்கான்னு பாத்துடலாம்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியில் என் மாமியார் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

இ.இ.ஜி.க்குக் குழந்தை தூங்க வேண்டும். எண்ணெய் இல்லாமல் தலைக்குக் குளிப்பாட்டி, விடியற்காலையில் எழுப்பி, டாக்சியில் தூங்கிவிடாமல் பாட்டுப் பாடிக்கொண்டே கூட்டிப் போனோம். கவுன்டரில் இருந்தவர் சீட்டைத் திருப்பிப் பார்த்து, தூக்க மருந்துக்குக் குழந்தையின் எடையும் மருத்துவர் கையெழுத்தும் இல்லை, திரும்பிப் போங்கள் என்றார். அங்கேயே எடை பார்க்கும் மெஷின் இருந்தது. கேட்டதற்கு அது தன் வேலை இல்லை என்றார். பாதித் தூக்கத்தில் அலறும் பிள்ளையோடு வீடு திரும்பினோம். இப்படிப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் மருந்து அளவு, எடை, கையெழுத்து மூன்றும் சீட்டில் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால், அந்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். பரேல் பக்கம் ஒரு குழந்தை நரம்பியல் மருத்துவரைப் பார்த்தோம். அவர் சீட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டதெல்லாம் இதுதான்: எத்தனை நிமிடம்? இரண்டு பக்கமும் இழுத்ததா, ஒரு பக்கம் மட்டுமா? 24 மணி நேரத்துக்குள் மறுபடி வந்ததா? எவ்வளவு நேரத்தில் உங்களை அடையாளம் கண்டான்? நடையும் பேச்சும் வயதுக்குத் தக்கபடி வந்ததா? காய்ச்சல் இல்லாமல் எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா? கையில் எழுதிய நேரத்தை ஃபோட்டோ எடுத்து வைத்திருந்ததால் தயங்காமல் சொல்ல முடிந்தது.

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்குக் காய்ச்சலோடு உடம்பு முழுவதும் இழுத்து, 15 நிமிடத்துக்குள் நின்று, 24 மணி நேரத்தில் திரும்ப வராவிட்டால் அது சாதாரணக் காய்ச்சல் வலிப்பு. அதற்கு இ.இ.ஜி.யும் ஸ்கேனும் தேவையில்லை என்றார். பின்னால் காக்காய் வலிப்பு வருமா வராதா என்பதை இ.இ.ஜி. சொல்லாது, நல்ல குழந்தைக்கும் கோடு கொஞ்சம் மாறித் தெரிந்தால் வேண்டாத மாத்திரையில் போய் முடியும். பொதுவாக நூறு பேரில் ஒருவருக்குக் காக்காய் வலிப்பு வரலாம் என்றால், இந்தக் குழந்தைகளில் ஒன்றிரண்டு பேருக்கு வரலாம். வித்தியாசம் அவ்வளவுதான். ஒரு பக்கம் மட்டும் இழுப்பது, நீண்ட நேரம் இழுப்பது, ஒரே நாளில் திரும்ப வருவது, வளர்ச்சி பின்தங்கியிருப்பது, இவை இருந்தால் கணக்கு மாறும். கழுத்து விறைப்பு, விடாத வாந்தி, வெகு நேரமாகியும் தெளியாத மயக்கம் இருந்தால் மூளைக்காய்ச்சலா என்று உடனே பார்க்க வேண்டும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையிடம் இந்த அறிகுறிகள் தெளிவாகத் தெரியாது, அதனால் இன்னும் கவனம் வேண்டும்.

மூன்றில் ஒரு குழந்தைக்கு மறுபடி வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். பாராசிட்டமால் குழந்தையின் வேதனையைக் குறைக்கும், வலிப்பைத் தடுக்காது. அதனால் வலிப்பை நிறுத்தும் மிடசோலம் மூக்கு ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தார், ஐந்து நிமிடம் தாண்டினால் மட்டும் அடிக்க. அதை வாங்குவது தனிப் பாடு. வாட்சப்பில் அனுப்பிய சீட்டை மருந்துக் கடைக்காரர் ஏற்கவில்லை, அசல் சீட்டுதான் வேண்டும் என்றார். பல கடைகளில் மருந்தே இல்லை. ஒரு தடவை அடித்தால் எத்தனை மில்லிகிராம் வரும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. எனவே பாட்டிலை வாங்கி மருத்துவரிடம் காட்டி, எந்த மூக்கில் எத்தனை தடவை என்று அதன்மேலேயே எழுதி வாங்கினோம். எடை கூடும்போது அதையும் திருத்த வேண்டும்.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடி வந்தது. இந்த முறை என் கணவர் ஃபோனில் வீடியோ எடுத்தார், நான் ஸ்ப்ரேயைத் திறந்து வைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டதால் அடிக்க வேண்டி வரவில்லை. வீடியோவைப் பார்த்த மருத்துவர் இரண்டு பக்கமும் சமமாக இழுக்கிறது, பழைய கதைதான் என்றார். இப்போது பிளேஸ்கூலுக்குப் போகிறான். ஒரு ஸ்ப்ரேயும், ஒருக்களித்துப் படுக்க வைப்பதைப் படமாக வரைந்த தாளும் அவன் டீச்சரிடம் இருக்கின்றன. பாட்டிலின் காலாவதித் தேதியை என் ஃபோனில் அலாரமாகப் போட்டிருக்கிறேன்.